மூன்று மாத அளவும் முழு ஆண்டு அளவும்

அன்புள்ள டாக்டர்,

என் மகளுக்கு ஏழு வயது. போன வருடம் மார்ச்சிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரோரம் நிறுத்தி உயரம் குறித்து வருகிறேன். காலையோ மாலையோ, எப்போது வசதிப்படுகிறதோ அப்போது அளப்பேன். மார்ச் 118.2, ஜூன் 120.3, செப்டம்பர் 121.7, டிசம்பர் 122.5, இந்த மார்ச் 123.4 செ.மீ. ஜூன் வரை கிடுகிடுவென வளர்ந்தவள் அப்புறம் நின்றே போய்விட்டாள் போலிருக்கிறது. ஜனவரியிலிருந்து ஒரு டானிக் கொடுக்கிறோம். நாங்கள் இருக்கும் இடத்தில் குளிர்காலம் நீளம். குளிரில் பிள்ளைகள் வளர மாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? ஹார்மோன் பரிசோதனை செய்துவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஐந்து அளவுகளில் முதலாவதையும் கடைசியையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் 5.2 செ.மீ. ஏறியிருக்கிறது. இந்த வயதில் ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. வளர்வது வழக்கம். உங்கள் மகள் சரியாகத்தான் வளர்கிறாள். இந்த எண்ணை வைத்து அவளை ஹார்மோன் பரிசோதனைக்கு அனுப்ப மாட்டேன்.

உங்களைக் கலங்க வைத்தவை நடுவில் உள்ள எண்கள். மூன்று மாதங்களுக்கு ஒரு வளர்ச்சி என்று பிரித்தால் 2.1, 1.4, 0.8, 0.9 என்று வரும். முதல் மூன்று மாத வேகத்தை நான்கால் பெருக்கினால் ஆண்டுக்கு 8.4 செ.மீ. அது பருவமடையும் வயதில் காணும் வேகம். செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரையிலான வேகத்தைப் பெருக்கினால் 3.2 செ.மீ. அதை மட்டும் பார்க்கும் எந்த மருத்துவரும் நெற்றியைச் சுருக்குவார். ஒரே குழந்தை, ஒரே ஆண்டு, இரண்டு விதமான முடிவு. இரண்டுமே தவறு. மூன்று மாத வளர்ச்சியை ஆண்டு வேகமாக மாற்றவே கூடாது. ஆறு மாத வளர்ச்சியை இரண்டால் பெருக்குவதும் ஏறக்குறைய அதே தவறுதான், அந்த ஆறு மாதம் வேகமான பாதியா, மந்தமான பாதியா என்பதைப் பொறுத்து விடை மாறிவிடும்.

குளிரில் பிள்ளைகள் வளர மாட்டார்கள் என்பது மிகை. மெதுவாக வளர்வார்கள் என்பது உண்மை, இது கண்டறியப்பட்டு வெகுகாலம் ஆகிறது. பிரான்ஸில் மோன்பெய்யார் என்ற பிரபு 1759-இல் பிறந்த தன் மகனை 1777 வரை, ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து வைத்தார். இயற்கையியலாளர் பூஃபோன் அதை வெளியிட்டபோது, அந்தப் பையன் குளிர்காலத்தைவிடக் கோடையில் அதிகம் வளர்ந்திருக்கிறான் என்று கவனித்துச் சொன்னார். நூறாண்டு கழித்து, 1880-களில், கோபன்ஹேகனில் காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப்பள்ளியை நடத்திய மாலிங்-ஹான்சன் என்ற பாதிரியார் தன் மாணவர்களை நாள்தோறும் அளந்தார், எடை போட்டார். ஒரே கூரையின் கீழ், ஒரே சாப்பாடு சாப்பிட்டு வாழ்ந்த பிள்ளைகள் என்பதால் அவருடைய கணக்குக்குத் தனி மதிப்பு உண்டு. வசந்தத்திலும் முன்கோடையிலும் உயரம் வேகமாக ஏறியது, எடை அப்போது பின்தங்கியது. இலையுதிர் காலத்தில் நேர்மாறாக எடை வேகமாக ஏறியது, உயரம் மந்தமானது. ஆண்டின் ஒரு பகுதியில் பிள்ளைகள் ஒல்லியாக நெடுநெடுவென்றும் இன்னொரு பகுதியில் சற்றுப் பூசினாற்போலும் தெரிவது இதனால்தான். குளிர் மிகுந்த நாடுகளில் வேகமான மூன்று மாதத்தின் வளர்ச்சி, மந்தமான மூன்று மாதத்தைப்போல் இரண்டு மடங்கு, இரண்டரை மடங்குகூட இருக்கும். உங்கள் 2.1-உம் 0.8-உம் அந்த அளவை ஒட்டியே வருகின்றன.

இது ஏன் நடக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான சான்று பார்வையற்ற பிள்ளைகளிடமிருந்து கிடைத்தது. 1971-இல் மார்ஷல், ஸ்வான் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பார்வையுள்ள பிள்ளைகளையும் பார்வையற்ற பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். பார்வையற்றவர்களின் வளர்ச்சியும் ஏறி இறங்கவே செய்தது. ஆனால் அந்த ஏற்றம் எல்லாருக்கும் ஒரே மாதங்களில் வரவில்லை, ஆண்டு முழுவதும் சிதறிக் கிடந்தது. அதாவது வேகமும் மந்தமும் மாறிமாறி வரும் தாளம் உடலுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பருவத்தோடு பொருத்திவைப்பது கண் வழியாகப் போகும் வெளிச்சம். வெயில் தோலில் பட்டு வைட்டமின் டி உண்டாவதால்தான் கோடையில் வளர்கிறார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். அதுவே முழுக் காரணமாக இருந்தால், பார்வையற்ற பிள்ளைகளும் அதே மாதங்களில்தானே வளர்ந்திருக்க வேண்டும்? வெயில் அவர்கள் தோலிலும் படத்தானே செய்கிறது. வைட்டமின் டி கடுமையாகக் குறைந்தால் எலும்பு வளையும், வளர்ச்சி தடைப்படும், அது வேறு நோய். வெளிச்சம் எந்த ஹார்மோன் வழியாக எலும்பின் வளர்நுனியை எட்டுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

கோபன்ஹேகனில் ஜூன் பகல் 17½ மணி நேரம், டிசம்பர் பகல் 7 மணி நேரம். நிலநடுக்கோட்டின் அருகே இந்த வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. அங்கே மாதத்துக்கு மாதம் வளர்ச்சி மாறினால் முதலில் உணவையும் நோயையும்தான் பார்க்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவின் கிராமங்களில், பழைய விளைச்சல் தீர்ந்து புதியது வீடு வந்து சேராத மழைமாதங்களில், வயிற்றுப்போக்கும் மலேரியாவும் கூடவே வரும்போது சிறு குழந்தைகளின் வளர்ச்சி தளர்வதை நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெளிச்சத்தால் வரும் மந்தத்துக்கு எந்த மருத்துவமும் தேவையில்லை. பசியாலும் நோயாலும் வரும் மந்தத்துக்குக் கட்டாயம் தேவை. ‘பருவத்தால்தான்’ என்று சொல்லி இரண்டாவதைத் தள்ளிவைத்துவிடக் கூடாது.

இனி நீங்கள் அளக்கும் முறை. காலையோ மாலையோ என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு உறுத்திய வரி அதுதான். நாம் எழுந்து நடமாடத் தொடங்கியதும் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் உடல் எடையால் அழுந்துகின்றன. மாலைக்குள் சுமார் 1 செ.மீ. உயரம் குறையும், அதில் பெரும்பகுதி எழுந்த முதல் சில மணி நேரத்திலேயே போய்விடும். ஜூனில் படுக்கையை விட்டு எழுந்தவுடன் அளந்து, டிசம்பரில் மாலை ஆறு மணிக்கு அளந்திருந்தால், உங்கள் மகள் காட்டிய மந்தத்தில் ஒரு பங்கு கடிகாரம் செய்த வேலை. எனவே ஒரு நேரத்தை முடிவுசெய்துகொள்ளுங்கள். எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் ஆனபின் என்பது நல்ல நேரம், அதற்குள் பெரிய சரிவு முடிந்திருக்கும்.

அடியில் பட்டை ஓடாத சுவரும் விரிப்பு இல்லாத தரையும் வேண்டும். பட்டை இருந்தால் குதிகால் முன்னே தள்ளி நிற்கும், உடல் சாயும். செருப்பைக் கழற்றி, கொண்டையையும் உச்சிப் பின்னலையும் அவிழ்த்துவிடுங்கள். குதிகால், பிட்டம், மேல்முதுகு மூன்றும் சுவரைத் தொட வேண்டும். பின்தலை தொட்டே ஆக வேண்டும் என்பதில்லை. முக்கியமானது முகத்தின் மட்டம்: காதுத் துளையின் மேல்விளிம்பும் கண்குழியின் கீழ்விளிம்பும் தரைக்கு இணையாக ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ‘நிமிர்ந்து நில்’ என்றதும் பிள்ளைகள் மோவாயைத் தூக்குவார்கள், அப்போது உச்சி பின்னால் சரிந்து உயரம் குறைந்துவிடும். தலைமேல் புத்தகத்தை வைத்தால் அது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தெரியாது. தச்சர் மூலைமட்டம் ஒன்றை ஒரு பக்கம் சுவரோடு ஒட்டவைத்து இறக்குங்கள், அட்டைப் பெட்டியின் செங்கோண மூலைகூடப் போதும். ஒருமுறை அளந்ததும் அவளைச் சுவரை விட்டு நடந்துவரச் சொல்லி மறுபடி நிறுத்துங்கள். இப்படி மூன்று முறை அளந்து சராசரியை மி.மீ. வரை எழுதுங்கள். மூன்றும் அரை செ.மீ.க்கு மேல் விலகினால் நிற்பதில் ஏதோ கோளாறு, புதிதாகத் தொடங்குங்கள்.

இவ்வளவு கவனமாக அளந்தாலும் ஒவ்வொரு அளவிலும் 3 மி.மீ. முன்பின் இருக்கும். இரண்டு அளவுகளைக் கழிக்கும்போது பிழை சுமார் 4 மி.மீ. ஆகிறது. 5.2 செ.மீ. வளர்ச்சியில் 4 மி.மீ. ஒரு பொருட்டே இல்லை. 0.8 செ.மீ. வளர்ச்சியில் அது சரிபாதி. அந்த மூன்று மாதங்களில் அவள் உண்மையில் வளர்ந்தது 0.4-ஆகவும் இருக்கலாம், 1.2-ஆகவும் இருக்கலாம். பருவத்தின் ஏற்ற இறக்கத்தோடு இந்தப் பிழையும் சேரும்போது, குறுகிய கால அளவு நம்மை இரட்டிப்பாக ஏமாற்றுகிறது.

டானிக்கைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். ஜனவரியில் தொடங்கிய எந்த மருந்தும் ஜூனுக்குள் வேலை செய்ததுபோலத்தான் தெரியும். எதுவுமே கொடுக்காவிட்டாலும் அந்த மாதங்களில் பிள்ளைகள் வேகமாக வளர்வார்கள். பெற்றோர் கவலைப்படுவது மந்தமான மாதங்களின் முடிவில், மருந்து தொடங்குவதும் அப்போதுதான், பாராட்டு மட்டும் மருந்துக்குப் போய்விடுகிறது. பழி விழுவதும் இதே வழியில்தான். ஆஸ்துமாவுக்கான ஸ்டீராய்டு இன்ஹேலர்கள் வளர்ச்சியைச் சிறிதளவு குறைப்பது உண்மை. ஆனால் செப்டம்பரில் இன்ஹேலரைத் தொடங்கிவிட்டு டிசம்பர் அளவைப் பார்த்து அதை நிறுத்துபவர்கள், மூச்சுத்திணறலுக்கு வழிவிட்டுப் பருவத்தின் மந்தத்தைக் குணப்படுத்தப் பார்க்கிறார்கள். மருந்து ஒன்றின் விளைவை அறிய வேண்டுமானால் முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடுதான் ஒப்பிட வேண்டும். உங்கள் மகளுக்குக் குறிப்பிட்ட சத்துக்குறைவு இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்து மருத்துவர் எழுதிக்கொடுத்த டானிக் அல்ல என்றால், நிறுத்திவிடலாம்.

பருவத்தின்மேல் போடக் கூடாத நிலைகளும் உண்டு. இந்த வயதில் முழு ஆண்டு வளர்ச்சி 4 செ.மீ.க்குக் கீழே போனால், வளர்ச்சி வரைபடத்தில் குழந்தையின் கோடு தொடர்ந்து கீழ்க்கோடுகளை நோக்கி இறங்கினால், மருத்துவரிடம் காட்ட வேண்டும். உயரம் நிற்பதோடு எடையும் குறைகிறது, வயிற்றுப்போக்கு நீடிக்கிறது, தலைவலியோ பார்வை மங்கலோ இருக்கிறது, மலச்சிக்கலும் அசதியுமாக இருக்கிறாள் என்றால் ஆண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். தைராய்டு குறைபாடும் குடல் நோயும் இப்படித்தான் தலைகாட்டும்.

அடுத்த அளவை வரும் ஜூனில், நேரத்தை நிலைப்படுத்திக்கொண்டு எடுங்கள். அதை இந்த மார்ச்சின் 123.4-உடன் ஒப்பிட வேண்டாம், போன ஜூனின் 120.3-உடன் ஒப்பிடுங்கள். 125-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ வந்தால் நிம்மதியாக இருக்கலாம். 124.3-க்குக் கீழே வந்தால், போன ஜூன் அளவு எழுந்தவுடன் எடுத்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள், மறுநாள் அதே நேரத்தில் மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் கீழேயே இருந்தால், தேதியும் நேரமும் போட்ட உங்கள் எல்லா அளவுகளையும் எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.