டிஸ்டிங்ஷனுக்கு இன்னும் எத்தனை புள்ளி?

ஐயா,

பெங்களூரில் பி.இ. ஐந்து செமஸ்டர் முடித்திருக்கிறேன். சி.ஜி.பி.ஏ. 7.20. மொத்தம் 160 கிரெடிட், இதுவரை 104. எங்கள் விதிப்படி டிஸ்டிங்ஷனுக்கு 7.75, முதல் வகுப்புக்கு 6.75. மீதி மூன்று செமஸ்டரில் 8.67 எடுத்தால் போதும் என்று கணக்கிட்டேன். சரியா? இதுவரை நான் எடுத்ததில் அதிகம் 8.1.

பிரகாஷ், கே.ஆர்.புரம்

அன்புள்ள பிரகாஷ்,

சரியில்லை. எட்டு செமஸ்டரையும் சம எடையாக வைத்துவிட்டீர்கள். எடை கிரெடிட்டுக்குத்தான். கடைசி மூன்றில் உங்களுக்கு 56 கிரெடிட்தான் மிச்சம். ஆகவே தேவை இன்னும் கூடும்.

முதலில் மதிப்பெண் அட்டைகளை எடுத்து, ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும் கிரேடு புள்ளியையும் பெருக்கிக் கூட்டுங்கள். அட்டையில் உள்ள 7.20 இரண்டு தசமத்துக்குச் சுருக்கப்பட்டது. கூட்டுத்தொகை 749 என்று வந்தால் 104 ஆல் வகுக்க 7.20 தான் வரும்; அதையே வைத்துக்கொள்வோம். இலக்கு 7.75 × 160 = 1240. பாக்கி 491. அதை 56 ஆல் வகுத்தால் 8.77.

இந்த எண்ணைப் பாடங்களாகப் பிரித்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். எல்லாப் பாடத்திலும் ஏ, அதாவது 8 புள்ளி, எடுத்தாலும் 448 தான், 43 குறையும். இறுதி செமஸ்டர் புராஜெக்டுக்கு 10 கிரெடிட் இருந்து, அதில் ஓ கிரேடு வாங்கினால் 20 ஈடாகும். மிச்சம் 23 புள்ளிக்கு, மற்ற 46 கிரெடிட்டில் பாதி ஏ பிளஸ், பாதி ஏ. நான்கு கிரெடிட் பாடம் ஒன்றில் பி பிளஸ் வந்தால் 4 புள்ளி போகும். அதை ஈடுகட்ட இன்னொரு நான்கு கிரெடிட் பாடத்தில் ஏ, ஏ பிளஸாக உயர வேண்டும்.

உங்கள் உச்சமான 8.1 ஐயே மூன்று செமஸ்டரும் எடுத்தால் இறுதியில் 7.52 தான் வரும். எனவே டிஸ்டிங்ஷன் கடினம். அதை மறைத்துச் சொல்வது உங்களுக்கு நல்லதல்ல. முதல் வகுப்புக்கு இனி சராசரி 5.92 போதும்.

ஆறாம் செமஸ்டர் முடிவு வந்ததும் மறுபடி கணக்கிடுங்கள். அதில் 20 கிரெடிட் என்று வைத்தால், 8.2 எடுத்தாலும் மீதி 36 கிரெடிட்டுக்கு 9.08 தேவைப்படும். 6.55 க்குக் கீழே போனால், எஞ்சியதில் பத்துக்குப் பத்து வாங்கினாலும் எட்டாது. தேவை 9.5 ஐத் தாண்டினால் இலக்கை விட்டுவிட்டு, வேலைக்கு உதவும் பாடங்களில் நேரத்தைச் செலவிடுங்கள் என்பேன்.

ஒன்று விசாரித்துக்கொள்ளுங்கள்: பேக்லாக் வைத்து எழுதித் தேறியவர்களுக்கு டிஸ்டிங்ஷன் கொடுப்பதில்லை என்ற விதி சில பல்கலைக்கழகங்களில் உண்டு. உங்கள் ஆண்டின் விதிப்புத்தகத்தில் அது இருந்து, உங்களுக்கும் பேக்லாக் இருந்திருந்தால், இந்தக் கணக்குக்கே வேலையில்லை.

அன்புடன்