ரிப்போர்ட்டில் உள்ள ஒவ்வொரு 'ஆர்'-க்கும் காரணம் வேறு

கேள்வி: அம்மாவுக்கு யூரின் கல்ச்சர் எடுத்தோம். ஈ.கோலை என்று வந்திருக்கிறது. பாதி மருந்துகளுக்கு எதிரே 'ஆர்' போட்டிருக்கிறார்கள். ஒரே கிருமி இத்தனை மருந்தையும் எப்படித் தாங்குகிறது? உள்ளே போன மருந்தைப் பம்ப் வைத்து வெளியே தள்ளிவிடும் என்று படித்தேன், அதுதான் காரணமா?

பம்பும் ஒரு காரணம்தான். ஆனால் அது தனியாக இவ்வளவு வேலை செய்யாது. நான் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பிரிவில் இருக்கிறேன், தினமும் பார்ப்பது இந்த ரிப்போர்ட்டுகளைத்தான். நீங்கள் மருந்துப் பெயர்களைக் குறிப்பிடாததால், எங்கள் மேசைக்கு அடிக்கடி வரும் மாதிரி ஒன்றை வைத்துச் சொல்கிறேன். ஆம்பிசிலின், செஃப்ட்ரியாக்சோன், சிப்ரோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல் நான்குக்கும் ஆர், அதாவது கிருமி அவற்றுக்கு அடங்காது. நைட்ரோஃப்யூரன்டாயின், மெரோபெனெம் இரண்டுக்கும் எஸ், அதாவது அடங்கும். உங்களுடையதும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

இந்த 'ஆர்' எப்படி வருகிறது? கிருமியை உப்புநீரில் கலக்கி, ஒரு தட்டு அகார் முழுக்கத் தடவி, அதன்மேல் மருந்து ஊறிய சின்னக் காகித வில்லைகளை வைப்போம். மறுநாள் காலையில் ஒவ்வொரு வில்லையைச் சுற்றியும் கிருமி வளராத வட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்போம். செஃப்ட்ரியாக்சோனுக்கு 23 அல்லது அதற்கு மேல் இருந்தால் எஸ், 19 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆர். கலக்கும்போது கிருமி அதிகமாகிவிட்டால் வட்டம் பொய்யாகச் சுருங்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு தட்டை ஆர் என்று எழுதப் போய், மூத்தவர் திரும்பச் செய்யச் சொன்னதால் தப்பித்தேன். எப்படியோ, தட்டு சொல்வது இவ்வளவுதான்: மருந்து பக்கத்தில் இருந்தும் கிருமி வளர்ந்தது. எந்த வித்தையால் வளர்ந்தது என்பதை நாம்தான் துருவிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆம்பிசிலின் பெனிசிலின் வகை, செஃப்ட்ரியாக்சோன் அதற்கு உறவான செஃபலோஸ்போரின் வகை. இரண்டின் நடுவிலும் நான்கு அணுக்கள் சேர்ந்த ஒரு வளையம் இருக்கிறது. பாக்டீரியா தன் சுவரைக் கட்டும்போது, ஒரு நொதி சுவர்ச் சங்கிலிகளின் நுனியைப் பிடித்து ஒன்றோடொன்று பின்னும். இந்த மருந்து அந்த நுனியைப் போலவே வேஷம் போட்டு வந்து நொதியின் கையில் ஒட்டிக்கொள்ளும், பிறகு விடாது. சுவர் வேலை நின்று, கிருமி வெடித்துச் சாகும்.

இதற்கு ஈ.கோலை வைத்திருக்கும் பதில் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதி. இதுவும் மருந்தை அதே மாதிரி பிடிக்கிறது. ஆனால் பக்கத்திலேயே ஒரு நீர் மூலக்கூற்றைத் தயாராக வைத்திருந்து, வளையத்தை உடைத்து, மருந்தை உதறிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது. டெம்-1 என்ற வகை, பெனிசிலினை நொடிக்கு ஆயிரம் மூலக்கூறுக்கு மேல் உடைக்கும். ஈ.கோலைக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. இந்த நொதி அவற்றுக்கு இடையில் உள்ள சந்தில் காத்திருப்பதால், மருந்து சுவர் கட்டும் இடத்தைத் தொடுவதற்குள் கதை முடிந்துவிடும். இது மருந்து வந்த பிறகு முளைத்த புத்தியும் இல்லை. 1940-லேயே ஆபிரகாமும் செயினும் பெனிசிலினை அழிக்கும் நொதியைக் கண்டு எழுதிவிட்டார்கள். பெனிசிலின் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

டெம்-1 ஆம்பிசிலினை உடைக்கும், செஃப்ட்ரியாக்சோனை உடைக்காது. செஃப்ட்ரியாக்சோனில் வளையத்துக்குப் பக்கத்தில் பருமனான ஒரு கிளையை வைத்திருக்கிறார்கள், அது நொதியின் வாய்க்குள் நுழையாது. பாக்டீரியா இதை இரண்டு வழியில் தாண்டியது. ஒன்று, டெம் நொதியிலேயே ஒன்றிரண்டு அமினோ அமிலம் மாறி வாய் அகலமானது. இன்னொன்று, க்ளூய்வெரா என்ற வேறொரு பாக்டீரியாவின் மரபணு அப்படியே ஈ.கோலைக்குள் குடிவந்தது. சி.டி.எக்ஸ்-எம் எனப்படும் இந்த இரண்டாவது வகைதான் இப்போது நம் ஊரில் அதிகம். இப்படிச் செஃப்ட்ரியாக்சோன் வரை உடைக்கும் நொதிகளைத்தான் ரிப்போர்ட்டில் 'இ.எஸ்.பி.எல்' என்று குறிப்பிடுவார்கள்.

இதைச் சோதிப்பது எளிது. செஃப்ட்ரியாக்சோனின் உறவு மருந்தான செஃப்டாசிடிம் வில்லை ஒன்று, செஃப்டாசிடிமோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த வில்லை ஒன்று. கிளாவுலானிக் அமிலம் அந்த நொதிக்குப் போடும் பூட்டு. முதல் வில்லையைச் சுற்றி 14 மி.மீ., இரண்டாவதைச் சுற்றி 22 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடைக்கும் நொதிதான் குற்றவாளி. பூட்டு போட்டதும் மருந்துக்கு உயிர் வந்துவிட்டது, பாருங்கள்.

மெரோபெனெமை இந்த நொதியால் உடைக்க முடியாது. அதனால்தான் அங்கே எஸ். அந்த வரியிலும் ஆர் வந்தால் எங்கள் முகம் மாறும். அதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, என்.டி.எம்-1 போன்ற, துத்தநாகத்தை வைத்து வேலை செய்யும் நொதி. கிளாவுலானிக் அமிலப் பூட்டு இதற்குப் பொருந்தாது. 2008-இல் ஸ்வீடனில், அதற்கு முன் டெல்லியில் சிகிச்சை பெற்றிருந்த ஒரு நோயாளியிடம் முதலில் பிடிபட்டது. 2010-இல் வந்த பெரிய ஆய்வில் சென்னையிலிருந்து எடுத்த மாதிரிகளும் இருந்தன. இரண்டாவது காரணம், கிருமி கதவைச் சாத்திவிடுவது. வெளிச்சவ்வில் போரின் என்ற புரதத் துளைகள் உண்டு, மருந்து அந்த வழியாகத்தான் உள்ளே வரும். துளைகளை இழந்த கிருமிக்குள் மெரோபெனெம் சொட்டுச் சொட்டாகத்தான் நுழையும், அந்தக் கொஞ்சத்தைச் சமாளிக்கச் சாதாரண இ.எஸ்.பி.எல் நொதியே போதும்.

உடைக்கிறதா, உள்ளே விடாமல் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. மெரோபெனெம் வில்லையைச் சந்தேகக் கிருமி கலந்த திரவத்தில் 4 மணி நேரம் ஊறப்போடுவோம். பிறகு எடுத்து, எல்லா மருந்துக்கும் அடங்கிப்போகும் ஒரு சாது ஈ.கோலை தடவிய தட்டில் வைப்போம். மறுநாள் அந்தச் சாது, வில்லையின் ஓரம் வரை வளர்ந்திருந்தால் மருந்து அழிந்துவிட்டது, நொதி இருக்கிறது. 19 மி.மீ. அல்லது அதற்கு மேல் வட்டம் விழுந்தால் மருந்து பத்திரமாக இருக்கிறது. அப்போது கதவுப் பக்கம்தான் சந்தேகப்பட வேண்டும்.

சரி, சிப்ரோஃப்ளாக்சசினுக்கு வருவோம். உங்கள் பம்ப் இங்கேதான் வருகிறது.

சிப்ரோ தாக்கும் இடம் கைரேஸ் என்ற நொதி, டி.என்.ஏ.வின் முறுக்கைச் சரிசெய்வது. அதன் 83-ஆவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டியதற்குப் பதில் லூசின் வந்துவிட்டால் மருந்து சரியாக ஒட்டாது. ஆனால் அந்த ஒரு மாற்றத்தால் மட்டும் கிருமி முழு ஆர் ஆகிவிடாது. டோபோஐசோமரேஸ்-4 என்ற இரண்டாவது இலக்கிலும் மாற்றம் வர வேண்டும், கைரேஸிலேயே இன்னொன்றும் வர வேண்டும். படிப்படியாகத்தான் ஏறும். அந்தப் படிகளுக்கு இடையில் கிருமி உயிரோடு இருக்க வேண்டுமே, அதற்குத்தான் பம்ப் உதவுகிறது.

ஈ.கோலையின் முக்கியமான பம்ப்பின் பெயர் ஏக்ர்ஏபி-டோல்சி. உள்சவ்வில் ஒரு பகுதி, வெளிச்சவ்வில் குழாய் மாதிரி ஒரு பகுதி, நடுவில் இரண்டையும் இணைக்கும் பகுதி. உள்சவ்வுப் பகுதியில் மூன்று அறைகள் மாறி மாறி மருந்தைப் பிடித்து, பிழிந்து, குழாய்க்குள் தள்ளும். அதற்கான ஆற்றல், உள்ளே ஓடிவரும் புரோட்டான்களிலிருந்து வருகிறது. இது நம் மருந்துக்கென்று உண்டானதும் இல்லை. குடலில் வாழும் கிருமி பித்த உப்புகளைத் தாக்குப்பிடிக்க வேண்டியிருக்கிறது, அவற்றை வெளியேற்றும் அதே பம்ப் ஆன்டிபயாட்டிக்கையும் வாரி வெளியே கொட்டுகிறது. எது வந்தாலும் பெரிதாகத் தரம் பார்ப்பதில்லை.

ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டை சின்னதாக இருந்தால்தான் இறைத்துக் கட்டுப்படியாகும். பாக்டீரியாவிலும் அப்படியே. மார்-ஆர் என்ற தடுப்பு மரபணு கெட்டுப்போனால் பம்ப்புகள் கூடும், கூடவே போரின் துளைகளும் குறையும். இறைப்பது அதிகம், கசிவது குறைவு. அப்போதும் மருந்தைத் தாங்கும் அளவு பொதுவாகச் சில மடங்குதான் உயரும், அதை வைத்து மட்டும் ரிப்போர்ட்டில் ஆர் வாங்க முடியாது.

அப்படியானால் பம்ப் அற்பமா என்றால் அதுவும் இல்லை. ஆய்வகத்தில், கைரேஸ் மாற்றங்களோடு சிப்ரோவை நன்றாக எதிர்த்துக்கொண்டிருந்த ஈ.கோலைகளில் இந்தப் பம்ப்பை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். இலக்கு மாற்றம் அப்படியே இருந்தும், சிப்ரோவுக்கு எதிரான தாக்குப்பிடிப்பு சரிந்துவிட்டது. இரண்டும் சேர்ந்தால்தான் ஆர். இதை நாங்கள் தட்டில் அளந்து 'பம்ப்' என்று எழுதுவதில்லை. அதற்கென்று தினசரிச் சோதனை கிடையாது.

தனியாகவே ஆர் வாங்கித்தரும் பம்ப்பும் உண்டு, அது டெட்ராசைக்ளின் பம்ப். 1980-இல் பாஸ்டனில் ஸ்டூவர்ட் லெவியின் குழு கண்டுபிடித்தது. டெட்ராசைக்ளினுக்கென்றே அமைந்தது, வெளியிலிருந்து மரபணுவாக வருவது. நீங்கள் படித்தது ஒருவேளை இதைப் பற்றியதாக இருக்கலாம்.

கோட்ரைமாக்சசோல் கதை சின்னது. ஃபோலேட் தயாரிக்கும் பாதையில் இரண்டு நொதிகளை மருந்து தடுக்கும். கிருமி, மருந்து ஒட்டாத மாற்று நொதிகளை வாங்கி வைத்துக்கொள்ளும். பழையவை மாட்டிக்கொண்டாலும் வேலை நிற்காது.

நைட்ரோஃப்யூரன்டாயின் எஸ் ஆக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. அந்த மருந்தை வீரியமாக்குவதே கிருமியின் சொந்த நொதிகள்தான். வீரியமானதும் அது ஒரே இடத்தைத் தாக்காமல் கண்டதையும் தாக்கும். ஆகவே ஒரு மாற்றம் வந்து தப்பிப்பது கஷ்டம். ஆனால் சிறுநீரில் மட்டும்தான் போதுமான அளவு சேரும். காய்ச்சலும் விலாவலியும் இருந்து சிறுநீரகம் வரை தொற்று ஏறியிருந்தால், எஸ் என்றிருந்தாலும் அது உதவாது.

இத்தனை வித்தையும் ஒரே கிருமியிடம் எப்படிச் சேர்ந்தது என்றால், பிளாஸ்மிட்தான் பெரும்பாலும் காரணம். குரோமோசோமிலிருந்து தனியாக இருக்கும் டி.என்.ஏ. வளையம் அது. இ.எஸ்.பி.எல் நொதி, கோட்ரைமாக்சசோல் மாற்று நொதி, டெட்ராசைக்ளின் பம்ப் எல்லாம் ஒரே வளையத்தில் வரிசையாக இருக்கலாம், ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்கு அதைப் பிரதியெடுத்துத் தரும். அதனால் செஃப்ட்ரியாக்சோன் மட்டும் எடுத்த ஒருவரிடம்கூட, அவர் தொடாத கோட்ரைமாக்சசோலுக்கும் ஆர் வரும். கைரேஸ் மாற்றம் மட்டும் குரோமோசோமில் இருப்பது, அது அப்படித் தாவாது.

அம்மாவின் ரிப்போர்ட்டில் அடிக்குறிப்பாக இ.எஸ்.பி.எல் என்று இருக்கிறதா பாருங்கள். மருத்துவரிடம் போகும்போது எரிச்சல், காய்ச்சல், விலாவலி இருந்ததா என்பதையும் சொல்லுங்கள். எந்தத் தொந்தரவும் இல்லாத வயதானவர்களின் சிறுநீரில் கிருமி வளர்ந்தால், அது ஆர் ஆனாலும் எஸ் ஆனாலும், பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் கொடுப்பதில்லை.