எடை வேறான பிள்ளைகளுக்கு ஒரே சீசா: கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு அம்மா: மூத்தவன் 36 கிலோ, சின்னவள் 24. தோப்பில் 3 மீட்டர் பனம்பலகையை நடுவில் குழாய் கொடுத்து சீசாவாகப் போட்டிருக்கோம். சின்னவள் மேலேயே தொங்கிட்டு அழறா. என்ன பண்ணலாங்க?

மூத்தவனை உள்ளே தள்ளி உட்கார வையுங்கம்மா. எடையை, குழாயிலிருந்து உட்காரும் இடம் வரைக்கும் உள்ள தூரத்தால் பெருக்கணும். ரெண்டு பக்கமும் ஒரே விடை வந்தால் பலகை சமம். சின்னவள் நுனியில், 1.5 மீட்டரில்: 24 × 1.5 = 36. மூத்தவன் 1 மீட்டரில் உட்கார்ந்தால் அவனுக்கும் 36. அங்கே சுண்ணாம்பில் கோடு போட்டு வையுங்க. ஒரு குறை உண்டு: தங்கச்சி ஏறும் உயரத்தில் மூன்றில் ரெண்டு பங்குதான் அவன் ஏறுவான்.

கோபாலபுரத்துத் தச்சர்: அதுக்கு எதுக்குங்க பையனை நகர்த்தணும்? ரெண்டு பேரும் நுனியிலேயே இருக்கட்டும். குழாயை அவன் பக்கம் 30 சென்டிமீட்டர் தள்ளினா 36 × 1.2 = 43.2, 24 × 1.8 = 43.2. முடிஞ்சுது.

பிள்ளைகள் கணக்கு சரிதாங்க, பலகை விட்டுப்போச்சு. குழாய் நடுவில் இருக்கும்போது பலகையின் எடை எந்தப் பக்கமும் சாயாது. நகர்த்தின உடனே நீளமான பக்கத்துக்குச் சேர்ந்துக்கும். பனம்பலகை லேசான சாமான் இல்லை. அந்த அளவில், 3 சென்டிமீட்டர் கனத்தில், 18 கிலோ வரும்னு வைங்க. அதன் நடு, குழாயிலிருந்து 30 சென்டிமீட்டர் சின்னவள் பக்கம் போயிடும்: 18 × 0.3 = 5.4. ஆக அவள் பக்கம் 48.6, அண்ணன் பக்கம் 43.2. இப்போ அவன் தொங்குவான்.

சரியான இடம் 23 சென்டிமீட்டர். அண்ணன் பக்கம் 36 × 1.27, கிட்டத்தட்ட 45.7. தங்கச்சி பக்கம் 24 × 1.73, கூடவே பலகைக்கு 18 × 0.23; அதுவும் 45.7தான். பலகையைத் தேங்காய் மண்டித் தராசில் ஒரு தடவை நிறுத்துப் பார்த்துட்டு ஓட்டை போடுங்க. ஆளில்லாதப்போ நீளமான பக்கம் தரையில் கிடக்கும். அது கோளாறு இல்லை.

வேலந்தாவளத்திலிருந்து ஒரு அப்பா: எங்க பையன் 45 கிலோ. அவன் கூட யாரும் ஆட வர்றதில்லை. எடையைக் குறைக்கச் சொல்றீங்களா?

இல்லவே இல்லைங்க, நான் சொன்னது இடத்தைப் பத்தித்தான். எதிரே 24 கிலோ பிள்ளை நுனியில் இருந்தால் இவன் 80 சென்டிமீட்டரில் உட்காரட்டும். ஆனா ஏறும் உயரம் பாதியளவுதான் இருக்கும், சீக்கிரம் சலிச்சுடும். எதிர்ப்பக்கம் ரெண்டு பிள்ளைகளை உட்கார வைத்தால் இவனும் நுனியிலேயே ஆடலாம்: நுனியில் ஒரு 24 கிலோ, முன்னாடி 1.3 மீட்டரில் இன்னொரு 24 கிலோ. 36-ம் 31-ம் சேர்ந்து 67. இவனுக்கு 45 × 1.5 = 67.5. முன்னாடி உட்கார்ற பிள்ளைக்கும் கைப்பிடி இருக்கணும்.

சித்தூர் தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியை: எங்களிடம் ஒரே எடையில் இரட்டைப் பிள்ளைகள் இருக்காங்க, 24 கிலோ வீதம். குழாயும் நட்டநடுவில். அப்படியும் பலகை மட்டமா நிற்காம ஒரு பக்கம் போய்ப் படுத்துடுது. கணக்கு பொய்யா சார்?

கணக்கு பொய்யில்லை டீச்சர். நாம தூரத்தைப் பலகை மேல் அளக்கிறோம். பிள்ளையின் எடையோ பலகைக்கு ஒரு சாண் மேலே, வயிற்றுப் பக்கம் நிற்குது. பலகை சாய்ந்ததும் கீழே இருக்கிற பிள்ளையின் உடம்பு வெளியே சரியும், மேலே இருக்கிறது உள்ளே வரும். 15 டிகிரி சாய்வில் ஆளுக்கு ஆறு சென்டிமீட்டர் மாறினாலே, கீழ்ப் பக்க நுனியில் ரெண்டு கிலோ கூடுதலா வைத்த மாதிரி ஆயிடும். காலால் உந்துவது இந்த ரெண்டு கிலோவைத் தாண்டத்தான். மேலே இருக்கிறவள் பின்னால் சாய்ந்தாலும், கீழே இருக்கிறவள் முன்னால் குனிந்தாலும் உந்தல் லேசாகும். பிள்ளைகளைச் செய்ய வைத்துப் பாருங்க, உடனே தெரியும்.

மீனாட்சிபுரத்திலிருந்து: எங்க சீசாவில் பையன் ஒரு ஜாண் முன்னே பின்னே நகர்ந்தாலும் பலகை அசையாம நிற்குது. நல்லதுதானே?

நல்லதில்லை தம்பி, குழாய் பிடிக்குது. துருவா, குழாய் வளைந்திருக்கா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. வெறும் பலகையை மட்டமாக நிறுத்தி, ஒரு நுனியில் மணல் பையைத் தொங்கவிட்டு, அசையும் வரை மணல் சேருங்க. மறுநுனியிலும் அதே மாதிரி. ரெண்டு பக்கமும் ஒரே அளவு கேட்டால் பெரும்பாலும் துரு. கிரீஸ் வைத்துப் பாருங்க. எங்கே உட்கார்ந்தாலும் ரெண்டு பிள்ளையும் பலகையும் சேர்ந்த முழு எடையும் அந்தக் குழாய் மேலதான், குதித்தால் இன்னும் கூடும். அதனால் வளைவு தெரிந்தால் நிமிர்த்திப் போடாதீங்க, மாத்திடுங்க. மணல் எவ்வளவு பிடிச்சுதுன்னு எழுதுங்க, பார்ப்போம்.