விக்கிரம வருஷம் என்றால் எந்த விக்கிரமம்? ஏட்டுச் சுவடிகளின் இறுதிக் குறிப்புகள் பற்றிக் கேள்வி பதில்

காரைக்குடி ஆய்வு மாணவர்: ஆச்சி, பாட பரிமாற்றம் பற்றிய கட்டுரைக்காக ஒரு சுவடியைப் பார்க்கிறேன். கடைசி ஏட்டில் ‘விக்கிரம ௵ தை ௴ ௰௨ ௳ செவ்வாய்க்கிழமை உத்திர நட்சத்திரத்தில் எழுதி நிறைந்தது’ என்று இருக்கிறது. கீழே ஒரு செட்டியார் வீட்டு விலாசம், அதாவது பெயருக்கு முன் போடும் முதலெழுத்துகள், கூடவே பெயர். வீட்டார் 1881 என்கிறார்கள். அப்படியே எழுதலாமா?

எழுதக் கூடாது தம்பி. விக்கிரமம் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும். 1750க்கும் 1900க்கும் இடையில் மட்டும் தை மாதத்தில் அது 1761, 1821, 1881 என மூன்று முறை வந்திருக்கிறது. வீட்டார் மூன்றில் ஒன்றைத் தங்களுக்குத் தெரிந்த பெயரை வைத்துத் தேர்ந்துவிட்டார்கள். நம் பக்கத்தில் மூத்த பேரனுக்கு அப்பச்சியின் அப்பச்சி பெயரைத்தான் வைப்போம். விலாசமும் அதே எழுத்துகளில் தொடரும். பாட்டனுக்கும் பேரனுக்கும் ஐம்பது அறுபது வருஷ இடைவெளி இருக்கும். வருஷச் சுற்றும் அறுபதுதான். ஆகவே பெயரால் இந்தச் சிக்கல் தீராது, கூடவே மறைந்தும் போகும்.

கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது சூரிய வருஷத்தில் ஒரே தமிழ்த் தேதியின் கிழமை ஐந்து அல்லது ஆறு நாள் தள்ளிப்போகும். 1821இல் தை முதல் தேதி ஜனவரி 12, வெள்ளிக்கிழமை. ஆகவே தை 12, ஜனவரி 23, செவ்வாய். உங்கள் ஏடு சொல்வதும் அதுவே. 1881இல் தை 12 ஞாயிறு, அது கழிந்தது. 1761இல் புதன். இங்கே நிதானம் தேவை, ஏனென்றால் ஒரு நாள்தான் வித்தியாசம். சங்கராந்தி மாலையில் விழுந்தால் மாதம் அன்றே தொடங்குகிறதா மறுநாளா என்பதில் ஊருக்கு ஊர், பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் வழக்கம் மாறும். ஒரு நாள் பிசகை வைத்து ஓர் ஆண்டைத் தள்ளிவிட முடியாது.

அதைத் தள்ளுவது நட்சத்திரம். அறுபது வருஷத்தில் அதே தேதியின் நட்சத்திரம் மூன்று நான்கு நகரும். 1821 ஜனவரி 23 காலையில் உத்திரம். 1881இல் அதே தேதியில் சந்திரன் சித்திரை, சுவாதிப் பக்கம் போய்விடுகிறது. 1761இல் பூசத்தை ஒட்டி நிற்கிறது. ஒரு நாள் முன்பின் தள்ளினாலும் உத்திரத்துக்கு வராது. கிழமையும் நட்சத்திரமும் இரண்டுமே ஒத்துவருவது 1821 மட்டும்தான்.

தேதி எண்ணை நீங்களே ஏட்டில் பார்த்தீர்களா, யாராவது படித்துச் சொன்னார்களா? ௰க்குப் பின் வரும் ௨ என்ற இரண்டை உ என்ற எழுத்தாக எண்ணி, தேதியைப் பத்தாக்கிவிடுவது நான் அடிக்கடி காணும் பிழை. இந்த ஏட்டில் அந்த வடிவம் இரண்டு முறை வர வேண்டும், தேதியில் ஒன்று, ‘உத்திர’த்தில் ஒன்று.

கடைசியாக ஒன்று. இறுதி ஏட்டின் இருபுறமும் படமெடுக்கும் முன், எழுத்துத் தெரியட்டும் என்று கரி தேய்க்காதீர்கள்.

தேவகோட்டையிலிருந்து ஒருவர்: எழுத்தில் புள்ளியே இல்லை என்றால் பதினேழாம் நூற்றாண்டு என்று தைரியமாகச் சொல்லலாம். ஆச்சி வீணாகக் கணக்குப் போடுகிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீறிய ஏடுகளிலும் புள்ளி இருக்காது ஐயா. எகர ஏகார வேறுபாடும் இருக்காது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று பலர் விட்டார்கள். பழமைக்குப் புள்ளியின்மை சாட்சி ஆகாது. எழுத்தின் அமைப்பு உதவும்தான், ஆனால் தோராயமாகத்தான். நமக்கோ அறுபது வருஷ இடைவெளியில் நிற்கும் ஆண்டுகளில் ஒன்றைப் பிடிக்க வேண்டும்.

கல்லூரித் தமிழாசிரியர்: நீங்கள் கண்டது 1821 என்றால், அது அந்தச் சுவடி எழுதிய தேதியா, அதற்கு மூலமான சுவடியின் தேதியா? பார்த்து எழுதுகிறவர் இறுதிக் குறிப்பையும் சேர்த்தே பார்த்து எழுதியிருக்கலாமே.

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ‘கண்டபடி எழுதினேன், பிழை என்னுடையதல்ல’ என்ற பொருளில் வடமொழிச் சுலோகம் ஒன்றைப் பல சுவடிகளில் எழுதியிருப்பார்கள். அப்படிக் கண்டபடி எழுதுபவர் தேதியை மட்டும் விட்டுவிடுவாரா?

நான் மூன்று இடத்தைப் பார்ப்பேன். ‘எழுதி நிறைந்தது’ என்பதற்குப் பின் இன்னொரு ‘நிறைந்தது’ வந்தால், முதலாவது மூலத்தினுடையது. அடுத்து, பாட்டின் நடுவில் சில எழுத்துக்கு இடம் விட்டிருந்தால், அவர் முன்னால் இருந்த ஏடு அங்கே சிதைந்திருந்தது என்று அறிய வேண்டும். சிதைந்த ஏடு என்றால் நகல் காலம் மூலத்துக்கு நெடுந்தொலைவாக இருக்கலாம். மூன்றாவது, எழுதியவர் பெயர். தேதி வரியிலேயே பெயர் இருக்கிறதா, தனிக் கையில் ஓரத்தில் இருக்கிறதா?

அதே ஆசிரியர்: அப்படியானால் 1821ஐ நிச்சயமான ஆண்டு என்று சொல்லக் கூடாது. ‘1821க்கு முன் அல்ல’ என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒத்துக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. ஒரே கை, ஒரே இறுதிக் குறிப்பு, இடைவெளி இல்லை என்றால் 1821ஐ நகல் தேதியாகவே வைத்து, காரணத்தைச் சொல்லி எழுதலாம். இல்லையென்றால் உங்கள் வாசகம்.

கண்டனூரிலிருந்து ஒருவர்: எங்கள் ஐயா வீட்டிலும் ஏடு இருக்கிறது. விலாசம் இருப்பதால் அவர்தான் பொருள் கொடுத்து எழுதச் சொன்னார் என்று சொல்லலாமா?

‘இன்னாருக்கு எழுதிக் கொடுத்தது’ என்று இருந்தால் சொல்லலாம். ‘இன்னார் ஏடு’ என்றால் அது உடைமைதான். விலைக்கு வாங்கினதாகவும் இருக்கலாம், பங்கில் வந்ததாகவும் இருக்கலாம். முதலில் வந்த மாணவரின் விலாசத்துக்கும் இதே விதி. அது தேதி வரியின் கையா, வேறு கையா என்று தெரியாமல் புரவலர் என்று எழுதக் கூடாது.

நெல்லைச் சுவடி வைத்திருப்பவர்: எனக்கு ‘கொல்லம் 996, விக்கிரமம், ஆனி’ என்று இருக்கிறது. சரிதானே?

சரியில்லை, அதனால்தான் சுவை. கொல்லம் ஆண்டு ஆவணியில் மாறும், விக்கிரமம் போன்ற வருஷப் பெயர் சித்திரையில் மாறும். விக்கிரம ஆனி என்றால் 1820, அப்போது கொல்லம் 995. கொல்லம் 996இன் ஆனி 1821இல், அது விஷு வருஷம். ஒன்று பிழை. எண்ணை விடப் பெயரில் பிழை நேர்வது குறைவு என்று பொதுவாக நினைக்கிறேன். கிழமை இருந்தால் அனுப்புங்கள், இரண்டிலும் பார்த்துவிடலாம்.

வேறொருவர்: கார்பன் சோதனை செய்தால் போதாதா?

1650க்குப் பின் அந்தச் சோதனை அறுபது வருஷத்தைப் பிரித்துக் காட்டாது. மேலும் அது ஓலையின் வயதைத்தான் சொல்லும்.

இன்னொருவர்: பிலவங்க வருஷம் எழுதியது. எந்த நூற்றாண்டு?

மேலே படியுங்கள். கிழமை?

அவரே: இல்லை. ஏட்டுக்கு எண்ணெய் பூசலாமா?

சுவடி பாதுகாப்பு தெரிந்தவரிடம் கேளுங்கள். நான் குறிப்புகளை மட்டும் பார்ப்பவள். பூசும் முன் இறுதி ஏட்டைப் படமெடுங்கள்.

காரைக்குடி ஆய்வு மாணவர்: விலாசத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஆச்சி. எழுத்தின் சாய்வு வேறு மாதிரி இருக்கிறது. ஆனால் ‘எழுதி நிறைந்தது’ ஒன்றுதான்.

அப்படியென்றால் 1821, விலாசம் பிந்திய உடைமைக் குறிப்பு. யார் எழுதச் சொன்னார் என்பதை வெற்றிடமாக விடுங்கள். சுவடிக்குள் எங்காவது இடம் விட்டிருக்கிறதா என்று மட்டும் எல்லா ஏடுகளையும் பார்த்துவிட்டு வாருங்கள், ஆசிரியர் விடமாட்டார்.