முக்கியமான மெயில் ஏன் கீழே போகிறது?

கேள்வி: ஜிமெயில் எதை வைத்து ஒரு மெயிலை முக்கியம் என்று முடிவெடுக்கிறது? எனக்குத் தேவையானவை கீழே போகின்றன, தேவையில்லாதவை மேலே நிற்கின்றன.

நீங்களும் ஏதோ ஒபிஸில் பொது மெயில் பார்க்கிறவர் என்று நினைக்கிறேன். தனி ஆளுக்கு இந்தப் பிரச்சினை இவ்வளவு வராது.

நான் புறக்கோட்டையில் ஒரு இறக்குமதிக் கடையின் ஒபிஸில் இருக்கிறேன். சாமான் சீனாவிலிருந்து கொள்கலனில் வரும். கப்பல் வந்து சேரும் முன் கப்பல் ஏஜென்ட்டிடமிருந்து ‘Arrival Notice’ என்று ஒரு மெயில் வரும். அதைப் பார்த்தவுடன் வார்ஃப் கிளார்க்கைப் பிடித்து, பணம் கட்டி, டெலிவரி ஓடர் எடுக்க வேண்டும். இலவச நாட்கள் முடிந்தால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஓட ஆரம்பித்துவிடும். ஒரு முறை அப்படி ஓடிவிட்டது. “எனக்கு போனில் ஒன்றும் வரவில்லையே, நீ பார்க்கவில்லையா?” என்று முதலாளி என்மேல் பாய்ந்தார். அன்று நான் லீவு. அதைச் சொன்னாலும் யார் கேட்கிறார்கள்.

அவருடைய போனில் அதே கணக்குத்தான் இருந்தது. அறிவிப்பு ‘High priority only’ என்று வைத்திருந்தார். ஜிமெயில் அந்த மெயிலை முக்கியம் என்று எண்ணவில்லை, அதனால் போன் ஒலிக்கவில்லை. மெயில் இன்பொக்ஸில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது, ஸ்பாமுக்குக்கூடப் போகவில்லை.

ஏன் எண்ணவில்லை? இந்த முறையைச் செய்த கூகுள் பொறியியலாளர்களே 2010-ல் ஒரு கட்டுரையில் அடிப்படையை எழுதியிருக்கிறார்கள். மெயில் முக்கியமா என்று அது கேட்பதில்லை. இந்த மெயில் வந்து குறிப்பிட்ட நேரத்துக்குள் இந்த ஆள் இதைத் திறப்பாரா, பதில் போடுவாரா என்றுதான் கணிக்கிறது. அதற்கு எடுத்துக்கொள்பவை: அனுப்புகிறவரோடு உங்களுக்குள்ள பழக்கம் (அவர் மெயிலில் எத்தனை பங்கைப் படிக்கிறீர்கள் என்பது போல), நீங்கள் கவனித்த மெயில்களிலும் கவனிக்காதவற்றிலும் அடிக்கடி வந்த சொற்கள், இந்தத் தொடரை நீங்கள் ஆரம்பித்தீர்களா என்பது, போட்டிருக்கும் லேபிள்கள். இவை ஒவ்வொன்றும் ஒரு f, ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை உண்டு. எல்லாருக்கும் பொதுவான எடை g, உங்களுக்கு மட்டுமான எடை w. பெருக்கிக் கூட்டினால் s, அதை 0-க்கும் 1-க்கும் இடையே கொண்டுவந்தால் p, அதுதான் நீங்கள் அந்த மெயிலைக் கவனிப்பதற்கான வாய்ப்பு.

```
s = Σ f·g + Σ f·w
p = 1 / (1 + e^(-s))
```

எங்கள் மெயிலை வைத்துப் பார்ப்போம். எடைகள் நானே போட்டவை, உண்மையான எண்களை வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. அனுப்பியது ஆளில்லாத தானியங்கி முகவரி, நாங்கள் அதற்குப் பதில் போட்டதே இல்லை: −1.6. Arrival என்ற சொல்: +0.9. பல பேருக்கு ஒன்றாகப் போன மெயில்: −0.4. மொத்தம் −1.1, p சுமார் 0.25. அதே நாளில் சீனாவிலிருந்து சப்ளையரின் விற்பனைப் பெண் “எங்களுக்கு விடுமுறை” என்று எழுதுகிறார். அவரோடு தினமும் கதைக்கிறோம்: +1.8. தொடரை ஆரம்பித்தது நாங்கள்: +0.4. விடுமுறை வாழ்த்துச் சொற்கள்: −0.5. மொத்தம் 1.7, p சுமார் 0.85. வாழ்த்து மேலே, கப்பல் கீழே.

இதில் கோளாறு எங்கே? Arrival Notice வந்தால் எங்கள் ஒபிஸில் யாரும் மெயிலில் பதில் போடுவதில்லை. தலைப்பைப் பார்த்துவிட்டு வார்ஃப் கிளார்க்குக்கு கோல் எடுப்பார்கள், கொள்கலன் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். வேலை ஓடிவிடும். ஆனால் ஜிமெயிலுக்கு போன் கோல் தெரியாது. அதன் கணக்கில் நாங்கள் அந்த முகவரியை மாதக்கணக்கில் அலட்சியம் செய்திருக்கிறோம். மிக அவசரமான மெயில்தான் மெயிலுக்கு வெளியே கவனிக்கப்படுகிறது, அதனால் அதற்குத்தான் புள்ளி குறைகிறது.

அடுத்தது பொதுக் கணக்கு. மூன்று பேர் ஒரே பாஸ்வேர்டில் வேலை செய்கிறோம். ஒருவர் எல்லாவற்றையும் திறப்பார், ஒருவர் தலைப்போடு நிறுத்துவார், ஒருவருக்குச் சப்ளையரோடு மட்டுமே வேலை. w என்ற தனி எடை இந்த மூவரையும் கலந்து, இல்லாத ஓர் ஆளுக்காகக் கற்றுக்கொள்கிறது.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. URGENT என்று தலைப்பில் போட்டால் மேலே வரும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். அந்தச் சொல்லோடு வந்தவற்றை நீங்கள் திறக்காமல் விட்டிருந்தால் உங்கள் கணக்கில் அதன் எடை இறங்கும். எங்கள் கட்டிடத்தில் ஆடிவேல் நன்கொடைக்கும் URGENT, லிஃப்ட் பழுதுக்கும் URGENT. அப்புறம் ஒரு அரச அலுவலகம் எங்களுக்குச் சிங்களத்தில் மட்டும் மெயில் அனுப்புகிறது. தமிழும் அரச கரும மொழிதான், ஆனாலும் பக்கத்துக் கடைத் தம்பி வந்து வாசித்துச் சொல்லும்வரை அது திறக்காமலே கிடக்கும். அதற்கும் புள்ளி குறைகிறது என்றே நினைக்கிறேன். இதை இங்கே சொல்லிப் பயனில்லை, சரி.

“2010 கதையை இன்று சொல்கிறாயே” என்று யாராவது வருவார்கள். உள்ளே கணிக்கும் முறை மாறியிருக்கலாம். ஆனால் உங்கள் பழைய நடவடிக்கையை வைத்துத்தான் கணிக்கிறது என்று செட்டிங்ஸில் Importance markers என்ற இடத்தில் இன்றும் எழுதியிருக்கிறது. அந்தக் கட்டுரையிலேயே இன்னொன்றும் உண்டு: முக்கியமானதைத் தவறவிடும் விகிதம், தேவையில்லாததை முக்கியமாக்கும் விகிதத்தைப் போல 3 முதல் 4 மடங்கு. எந்தப் புள்ளிக்கு மேல் போனால் முக்கியம் என்ற வெட்டுப்புள்ளியை அப்படித்தான் வைத்தார்கள். ஆகவே சில மெயில்கள் கீழே போவது அந்த அமைப்பிலேயே உள்ளது.

உங்கள் கணக்கில் என்ன நடக்கிறது என்று பார்க்க, கணினியில் தேடல் பெட்டியில் இப்படித் தட்டுங்கள்:

```
subject:"arrival notice" -is:important
```

முக்கியம் என்று குறிக்கப்படாதவை வரிசையாக வரும். எங்களுக்கு ஏறக்குறைய எல்லாமே வந்தது. குறி விழுந்த மெயிலில் அந்த மஞ்சள் குறிமேல் மவுஸை வைத்தால் காரணமும் ஒரு வரியில் காட்டும். குறியை ஒவ்வொன்றாகச் சொடுக்கிக் கற்பிக்கலாம், ஆனால் மூன்று பேர் கணக்கில் மற்றவர்களின் பழக்கம் அதை மறுபடி இழுத்துவிடும். நான் ஃபில்டர் போட்டேன்: நிபந்தனையில் தலைப்புச் சொல், செயலில் ‘Always mark it as important’. இது கணிப்பைத் தாண்டி நேரே குறி போட்டுவிடும். முதலாளியின் போனையும் அறிவிப்பு ‘All’ என்று மாற்றச் சொன்னேன், இரண்டே நாளில் சத்தம் தாங்கவில்லை என்று பழையபடி ஆக்கிவிட்டார். ஃபில்டர்தான் நிற்கிறது.

அனுப்புகிறவர் முகவரியை வைத்து ஃபில்டர் போடாதீர்கள். ஏஜென்ட் மாறினால் முகவரியும் மாறும், தலைப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். சில ஏஜென்ட்கள் Notice of Arrival என்று எழுதுவார்கள், அதையும் OR போட்டுச் சேர்த்துவிடுங்கள்.