கால் கட்டைவிரல் சிவந்து கொதிக்கிறது: கவுட்டா, கிருமியா, அடிபட்டதா?

முலுண்டிலிருந்து ஒரு மகள்: டாக்டர், அப்பாவின் கால் படம் அனுப்பியிருக்கிறேன். வயது 61. ராத்திரி 2 மணிக்கு வலியில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். யூரிக் ஆசிட் 5.8தான், நார்மல் என்கிறார்கள். அப்படியென்றால் கவுட் இல்லைதானே?

கவுட் என்பது யூரிக் ஆசிட் படிகமாக மூட்டில் படிந்து வீக்கமும் வலியும் தரும் நோய். ஆனாலும் அந்த 5.8ஐ வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் ஆசிட் இறங்கிக் காட்டுவது பலருக்கும் நடக்கிறது. வலி முழுக்க அடங்கி இரண்டு வாரமாவது போன பிறகு மறுபடி எடுங்கள், அந்த எண்தான் பேசும்.

படத்தில் கட்டைவிரல் பாதத்தோடு சேரும் அடிமூட்டு வீங்கி, மேல்தோல் இழுத்துக் கட்டியதுபோல் பளபளக்கிறது. நம் மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோதான் இருக்கும். அதனால் இன்னொரு காலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் புறங்கையை இரண்டு கால்களிலும் மாற்றி மாற்றி வைத்தால் சூடு தெரியும், அது படத்தில் வராது.

இவற்றைச் சொல்லுங்கள்: முதல் நாள் சாயங்காலம் எப்படி இருந்தார்? இதற்கு முன் வந்ததுண்டா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? சர்க்கரை, காய்ச்சல், விரல் இடுக்கில் புண் ஏதாவது உண்டா?

அதே மகள்: சாயங்காலம் மார்க்கெட் போய் வந்தார், ஒன்றும் இல்லை. போன வருஷம் இதே விரலில் வந்தது, பத்து நாளில் தானாகப் போய்விட்டது, அப்போது தோல் உரிந்தது. பி.பி.க்கு ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்த மாத்திரை. சர்க்கரை இல்லை, புண் இல்லை. காய்ச்சல் 99.

இப்போது கவுட் பக்கம் நன்றாகவே சாய்கிறது. நன்றாக இருந்தவருக்குச் சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும் வலி, போன தடவை தானாக அடங்கியது, அடங்கும்போது தோல் உரிந்தது, எல்லாம் அதன் போக்குதான். அந்த பி.பி. மாத்திரை யூரிக் ஆசிட்டை ஏற்றும் வகை. நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்ற முடியுமா என்று எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். லோசார்டன் என்ற பி.பி. மாத்திரை யூரிக் ஆசிட்டைக் கொஞ்சம் இறக்கும்.

இன்றே ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை தெரிந்த பிறகுதான் மருந்து. சிறுநீரகம் சரியாக இருந்தால் கோல்சிசின் 0.5 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று, இது பழக்கத்தில் உள்ள அளவு. முதல் நாளே ஆரம்பித்தால்தான் நன்றாகக் கேட்கும். வயிற்றுப்போக்கு வந்தால் கூட்டாதீர்கள். வேறு எந்த மாத்திரை ஓடினாலும் சொல்லிவிடுங்கள், கிளாரித்ரோமைசின்போன்ற ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்தால் கோல்சிசின் விஷமாகும். 99 காய்ச்சல் கவுட்டிலும் வரலாம். 100.4ஐத் தாண்டினாலோ குளிர் நடுக்கம் வந்தாலோ நேரே ஆஸ்பத்திரிதான்.

மாட்டுங்காவிலிருந்து ஒருவர்: போர்வை பட்டாலே வலி, அதுவும் ராத்திரியில் வந்தது என்றால் கவுட்தான் சார், சந்தேகமே வேண்டாம். என் மாமாவுக்கு ஊசி போட்டார்கள், ஒரே நாளில் நடந்தார். எதற்கு இவ்வளவு யோசனை?

முதல் பாதி பெரும்பாலும் சரி. யோசனை அந்த ஊசியால்தான். மாமாவுக்குப் போட்டது ஸ்டீராய்டாக இருக்கும். கவுட்டுக்கு அது நல்ல மருந்து. ஆனால் மூட்டுக்குள் கிருமி இருந்தால் அதே ஊசி வலியையும் காய்ச்சலையும் அமுக்கிவிடும், உள்ளே கிருமி வளர்ந்துகொண்டே இருக்கும். கிருமி புகுந்த மூட்டில் குருத்தெலும்பு சில நாட்களிலேயே அரித்துப்போகும். கிருமிக்கும் போர்வை பட்டால் வலிக்கும்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி, மூட்டுக்குள் ஊசி விட்டு நீர் எடுப்பது. கட்டைவிரல் சின்ன மூட்டு, சில நேரம் ஒரு சொட்டுதான் வரும். போலரைஸ்டு மைக்ராஸ்கோப்பில் ஊசி ஊசியாகப் படிகம் பார்க்க அந்த ஒரு சொட்டு போதும். மிச்சம் இருந்தால், கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கிராம் ஸ்டெயினுக்கும் கல்ச்சருக்கும் போக வேண்டும், முடிந்தால் ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கும் முன்பே. படிகம் தெரிந்தது என்பதற்காகக் கல்ச்சரை விட்டுவிடக் கூடாது, கவுட் உள்ள மூட்டில் கிருமியும் சேர்ந்து இருக்கலாம். எல்லோருக்கும் நீர் எடுக்கத் தேவையில்லை. காய்ச்சல், சர்க்கரை, பக்கத்தில் புண், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து, இதில் ஒன்று இருந்தாலும் எடுக்காமல் ஸ்டீராய்டு போட நான் சம்மதிக்க மாட்டேன்.

தாராவியிலிருந்து ஒரு அண்ணன்: எனக்கும் அதே கால்தான் டாக்டர். சர்க்கரை ரொம்ப வருஷமாக இருக்கிறது. போன வாரம் முழங்கால் அளவு மழைத் தண்ணீரில் நடந்தேன். விரல் இடுக்கு வெடித்திருந்தது. இப்போது சிவப்பு கணுக்கால் வரை. வலி அவ்வளவாக இல்லை, அதனால் கவுட்டுக்குச் சொன்ன மாத்திரையையே வாங்கிச் சாப்பிடலாமா?

வேண்டாம். உங்களுடையது வேறு. மூட்டோடு நிற்காமல் பரவும் சிவப்பு, இடுக்கில் வெடிப்பு, சர்க்கரை, மூன்றும் சேர்ந்தால் தோலுக்கடியில் கிருமி புகுந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வலி இல்லாதது ஆறுதல் அல்ல, சர்க்கரையில் கால் நரம்பு மரத்துப்போனால் வலி தெரியாது. சயான் ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம், இன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கிளம்பும் முன் சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு நேரத்தை எழுதிவையுங்கள், எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று அங்கே பார்ப்பவருக்குத் தெரியும். கோட்டைத் தாண்டுகிறதா என்று வீட்டில் உட்கார்ந்து காத்திருக்காதீர்கள்.

மழைத் தண்ணீரில் நடந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். காய்ச்சல் இருந்தால் எலிக்காய்ச்சலையும் பார்ப்பார்கள்.

செம்பூரிலிருந்து ஒரு தம்பி: கட்டில் காலில் இடித்துக்கொண்டேன். அப்போது லேசாகத்தான் வலித்தது. மறுநாள் விடியற்காலையில் தரையில் கால் வைக்க முடியவில்லை. அடிதானே?

இருக்கலாம். எலும்பு முறிந்தால் பொதுவாக இடித்த நொடியிலிருந்தே வலி இருக்கும், அடுத்த நாள் நீலம் பாயும். லேசாக இடித்து, நன்றாக நடந்து, ராத்திரி திடீரென்று எரிகிறது என்றால் அந்தச் சின்ன அடியே கவுட்டைக் கிளப்பியிருக்கவும் வாய்ப்பு உண்டு. எக்ஸ்ரே எடுங்கள். அதில் முறிவு தெரிந்தால் சரி. ஒன்றும் இல்லை என்று வந்தால் கவுட் இல்லை என்று அர்த்தமில்லை, முதல் தடவை கவுட்டில் எக்ஸ்ரே சுத்தமாகத்தான் இருக்கும். உங்கள் படத்தை வைத்து இதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை.

காட்கோபரிலிருந்து ஒரு அம்மா: எனக்கு முழங்கால் வலி. யூரிக் ஆசிட்டுக்குப் பருப்பு ஆகாது என்கிறார்களே, சாம்பாரை நிறுத்தட்டுமா?

நிறுத்தாதீர்கள் அம்மா. இங்கே பேசுவது கட்டைவிரல் கவுட், உங்கள் முழங்கால் பெரும்பாலும் தேய்மானமாக இருக்கும், காட்டிப் பாருங்கள். கவுட் உள்ளவருக்குக்கூடப் பருப்பும் கீரையும் பெரிய தொல்லை செய்வதில்லை. ஈரல், நெத்திலி, பீர், இவைதான் கிளப்பும்.

முலுண்டு மகள் மறுபடியும்: வலி பாதி இறங்கிவிட்டது டாக்டர். வீட்டுப் பக்கத்து மெடிக்கலில் அலோபியூரினால் ஆயுசுக்கும் போட வேண்டும் என்கிறார்கள். ரெண்டு தடவைதானே வந்தது?

அலோபியூரினால் யூரிக் ஆசிட்டை இறக்கும் மாத்திரை. அதை எப்போது ஆரம்பிப்பது என்பதில் டாக்டர்களிடையேயே ஒரே கருத்து கிடையாது. வருஷத்துக்கு இரண்டு, அதற்கு மேல் வந்தால் போடச் சொல்வோம். சிறுநீரகக் கோளாறோ கல்லோ இருந்தால் முன்பே யோசிப்போம். அப்பாவுக்கு இரண்டு வாரம் கழித்து வரும் எண்ணும், பி.பி. மாத்திரையை மாற்ற முடிகிறதா என்பதும் தெரியட்டும். போடுவதாக முடிவானால் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் ஆரம்பிக்கக் கூடாது. யூரிக் ஆசிட் 6க்குக் கீழே வரும்வரை மெதுவாகக் கூட்டுவோம். முதல் சில மாதம் சின்ன அளவு கோல்சிசினும் கூட ஓட வேண்டும், இல்லையென்றால் மாத்திரை ஆரம்பித்ததுமே வலி திரும்பி வந்து, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுவார். உடம்பில் தடிப்பு வந்தால் மட்டும் அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.