வங்கிக் கணக்கு ஏன் தூங்கிப் போகிறது, பத்து வருடம் கழிந்த பணம் எங்கே போகிறது: கேள்வி பதில்

வங்கியில் பல வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்திய வங்கிகளின் சேமிப்பு, நடப்புக் கணக்குகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். இதற்கான ரிசர்வ் வங்கியின் திருத்திய விதிகள் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன.

பள்ளி ஆசிரியை: பழைய சம்பளக் கணக்கை மூன்று வருடமாகத் தொடவில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. பிறகு எப்படி அது 'டார்மன்ட்' ஆகும்?

வட்டி போடுவது வங்கி. நீங்கள் அல்ல. இரண்டு வருடத்துக்கு மேல் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து எந்த நடவடிக்கையும் இல்லையென்றால் அந்தக் கணக்கு செயல்படாத கணக்கு ஆகிவிடும். சேமிப்பு வட்டி, குறுஞ்செய்திக் கட்டணம், ஏடிஎம் கார்டு கட்டணம், வரிப் பிடித்தம் எல்லாம் வங்கியே பதிவதால் அவை உங்கள் நடவடிக்கையாக எண்ணப்படாது.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிதாக எதுவும் இல்லை. யுபிஐயில் ஒரு சிறு தொகை அனுப்பினால் போதும், ஏடிஎம்மில் கொஞ்சம் எடுத்தாலும் போதும். பணப் பரிமாற்றம்கூட அவசியமில்லை. மொபைல் ஆப்பிலோ நெட் பேங்கிங்கிலோ சரியாக உள்ளே நுழைந்தாலே அது வாடிக்கையாளர் நடவடிக்கைதான். கேஒய்சி புதுப்பித்தாலும் அப்படியே. பலருக்கு இது தெரியாததால், ஐந்து நிமிட வேலையை விட்டுவிட்டுப் பிறகு கிளைக்கு அலைகிறார்கள்.

இன்னொன்று: கணக்குவாரியாகத்தான் பார்ப்பார்கள், ஆள்வாரியாக இல்லை. அதே வங்கியில் உங்களுடைய வேறொரு கணக்கில் தினமும் வரவு செலவு நடந்தாலும் இந்தக் கணக்குக்கு அது உதவாது.

ஓய்வு பெற்ற அரசு ஊழியர்: நான் அந்தக் கவலையே படுவதில்லை. என் ஃபிக்சட் டெபாசிட் வட்டி அந்தச் சேமிப்புக் கணக்கில்தான் விழ வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தானாகப் புதுப்பிக்கவும் போட்டுவிட்டேன். என் கணக்கு தூங்காது, சரிதானே?

பாதி சரி சார். வைப்புத்தொகை வட்டி உங்கள் எழுத்துப்படி அந்தக் கணக்கில் வரவாகும் வரை அது செயல்பாட்டில்தான் இருக்கும். கடைசி வட்டி விழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் கழித்தே அது செயல்படாத கணக்காகும்.

ஆனால் உங்கள் டெபாசிட் எந்த வகை என்று ரசீதைப் பாருங்கள். மாதமோ காலாண்டோ வட்டி கொடுக்கும் வகை என்றால் நீங்கள் சொன்னது பொருந்தும். வட்டியும் அசலோடு சேர்ந்து வளரும் வகை என்றால் சேமிப்புக் கணக்குக்கு இடையில் ஒரு பைசாவும் வராது. தானாகப் புதுப்பிக்கப் போட்டிருந்தால் முதிர்ந்த பிறகும் வராது. டெபாசிட் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் சேமிப்புக் கணக்கைத் தூங்கவிட்டவர்களில் நான் பார்த்த பலர் இந்த இரண்டாம் வகைக்காரர்கள். பாஸ்புக்கில் கடைசியாக வட்டி வரவு எந்தத் தேதியில் இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மென்பொருள் பணியாளர்: கணக்கு தொடங்கிய கிளை வேறு மாநிலத்தில் இருக்கிறது. இங்குள்ள கிளையில் கேட்டால் "சொந்தக் கிளைக்குப் போங்க" என்கிறார்கள். லீவு போட்டுப் போக வேண்டுமா?

வேண்டாம். அதே வங்கியின் எந்தக் கிளையிலும் கேஒய்சி கொடுத்துக் கணக்கை உயிர்ப்பிக்கலாம் என்பதுதான் விதி. வீடியோ வழி அடையாளச் சரிபார்ப்பு வசதி வைத்திருக்கும் வங்கி என்றால் அதையும் கேட்டுப் பெறலாம். கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது. முழுமையான விண்ணப்பம் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும்.

எடுத்துப் போக வேண்டியவை: ஆதார் போன்ற அடையாள, முகவரிச் சான்று, பான் கார்டு, புகைப்படம், பாஸ்புக் இருந்தால் அது. கணக்கை மீண்டும் இயக்கக் கோரும் கடிதம் ஒன்று. கொடுத்ததற்கு முத்திரையுடன் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று நாள் கணக்கு அங்கிருந்துதான் ஓடும். வாய்ச்சொல்லாகக் கேட்டுவிட்டு வந்தால் நாளைக்கு நீங்கள் போனதற்கே சாட்சி இருக்காது.

விண்ணப்பம் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இரண்டு இடங்களில். முதலாவது பெயர். நம் ஊர்க்காரர்களுக்கு முன்னெழுத்துத் தொல்லை தீராது. கணக்கில் ஒற்றை எழுத்து இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பானில் அது குடும்பப் பெயராகப் போயிருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று வங்கி உறுதிமொழி கேட்கலாம். எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிறகு ஆதாரையும் பானையும் ஒன்றுபோலத் திருத்திக்கொண்டால் அடுத்த முறை இந்தச் சிக்கல் வராது.

இரண்டாவது மொபைல் எண். பழைய எண்ணை விட்டுவிட்டிருந்தால் இன்று அது வேறொருவர் கையில் இருக்கக்கூடும். கணக்கு திறந்ததும் ஓடிபி அவருக்குத்தான் போகும். அதனால் எண் மாற்ற விண்ணப்பத்தையும் அன்றைக்கே சேர்த்துக் கொடுங்கள்.

கிளையில் விண்ணப்பத்தை வாங்கவே மறுத்தால் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம்.

கல்லூரி மாணவி: என் கணக்கில் 1,800 ரூபாய் இருந்தது. இப்போது பூஜ்ஜியம். மினிமம் பேலன்ஸ் அபராதமாம். இன்னும் தூங்கவிட்டால் மைனஸில் போய்க் கடன்காரி ஆகிவிடுவேனா?

இல்லை அம்மா. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சேமிப்புக் கணக்கை மைனஸுக்குக் கொண்டுபோக வங்கிக்கு அனுமதி இல்லை. செயல்படாத கணக்கு என்று வகைப்படுத்திய பிறகு அந்த அபராதமே போடக் கூடாது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். முதல் இரண்டு வருடம் கணக்கு செயல்பாட்டில்தான் இருக்கிறது. விதித்த இருப்பு இல்லையென்றால் அந்தக் காலத்துக்கு அபராதம் போடலாம். உங்கள் பணம் போனது அப்போதா, பிறகா என்பதைக் கணக்கு அறிக்கையில் தேதி வாரியாகப் பாருங்கள். வகைப்படுத்திய தேதிக்குப் பின் பிடித்திருந்தால் திருப்பிக் கேட்கலாம்.

சிறு வியாபாரி: ஏழு வருடம் தொடாவிட்டால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும், திரும்ப வராது என்று என் மைத்துனர் சொல்கிறார். வங்கியில் ஒருவர் 2 + 10, மொத்தம் 12 வருடம் என்கிறார். எது சரி?

இரண்டும் இல்லை. ஏழு வருடம் என்பது கம்பெனிப் பங்குகளில் வாங்காமல் விட்ட ஈவுத்தொகைக்கு. அது போவது வேறு நிதிக்கு. உங்கள் மைத்துனர் அதைக் கேட்டிருப்பார்.

வங்கிக் கணக்குக்குப் பத்து வருடம். அது தூங்கிய நாளிலிருந்து அல்ல, நீங்கள் கடைசியாக இயக்கிய நாளிலிருந்து. டெபாசிட் என்றால் முதிர்வு நாளிலிருந்து. பத்து முடிந்த பிறகு மூன்று மாதத்துக்குள் அந்தப் பணம் வட்டியோடு ரிசர்வ் வங்கியிடம் உள்ள வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குப் போகும். 2014இல் தொடங்கிய திட்டம் இது.

போனாலும் உரிமை உங்களுடையதே. திரும்பக் கேட்கக் காலக்கெடு கிடையாது. ரிசர்வ் வங்கியிடம் போக வேண்டியதும் இல்லை, உங்கள் வங்கியிடமே கேளுங்கள். அது உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு நிதியிடமிருந்து வாங்கிக்கொள்ளும்.

இல்லத்தரசி: அப்பா இறந்த பிறகு பீரோவில் ஒரு பாஸ்புக் கிடைத்தது. கடைசிப் பதிவு 2006 மார்ச். அதில் இன்னும் ஏதாவது இருக்குமா? எவ்வளவு கிடைக்கும்?

முதலில் udgam.rbi.org.in தளத்தில் தேடுங்கள். 2023 ஆகஸ்டில் வந்த தேடுதளம் இது. உங்கள் மொபைல் எண்ணில் பதிந்துகொண்டு, அப்பா பெயர், வங்கி, கூடவே பான், வாக்காளர் அட்டை, பிறந்த தேதி போன்றவற்றில் ஒன்றைக் கொடுக்க வேண்டும். பொருந்தினால் ஒரு குறிப்பு எண் வரும். பணம் அங்கே கிடைக்காது. எண்ணைக் குறித்துக்கொண்டு வங்கிக்குப் போக வேண்டும்.

தொகைக்கு ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 2016 ஜூன் கடைசியில் 40,000 ரூபாய் நிதிக்குப் போனது என்று வையுங்கள். பத்து வருடத்தில் வங்கி கொடுத்த வட்டி அதிலேயே சேர்ந்திருக்கும். அதன் பிறகு தனி வட்டிதான், வட்டிக்கு வட்டி இல்லை. 2018 ஜூன் வரை 4 சதவீதம், இரண்டு வருடத்துக்கு 3,200. 2021 மே 10 வரை 3.5 சதவீதம், சுமார் 4,000. அதன் பிறகு 3 சதவீதம். 2025 ஜூன் முடிவில் கேட்டிருந்தால் இதற்கு ஏறக்குறைய 4,970. மொத்தம் 52,170 ரூபாய் வரும். நடப்புக் கணக்கில் இருந்த பணம் என்றால் இந்த வட்டி கிடையாது.

அப்பா நாமினியாக யாரையாவது நியமித்திருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்று, நாமினியின் அடையாளச் சான்று போதும். இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், பின்னால் வேறு யாராவது உரிமை கோரினால் ஈடுசெய்வோம் என்ற ஈட்டுறுதிப் பத்திரம் எல்லாம் கேட்பார்கள். நியமிக்கப்பட்டவர் பணத்தை வாங்கும் உரிமை பெற்றவர்தான். அது யாருக்குச் சேரும் என்பதை வாரிசுரிமைச் சட்டம் சொல்லும். உடன்பிறந்தவர்களிடம் இதை முன்பே பேசிவிடுங்கள்.

அதே இல்லத்தரசி: தேடினேன், எதுவும் வரவில்லை. பாஸ்புக்கில் பேங்க் ஆஃப் தஞ்சாவூர் என்று இருக்கிறது.

ஆகா, அதுதான் காரணமாக இருக்கும். அந்த வங்கி 1990இல் இந்தியன் வங்கியோடு இணைந்துவிட்டது. இந்தியன் வங்கி என்ற பெயரில் தேடுங்கள். ஆனால் 2006 பதிவு எப்படி என்பது புரியவில்லை. இணைந்த பிறகும் பழைய புத்தகத்திலேயே அச்சடித்திருக்கலாம், அல்லது அது வேறு கணக்கின் தாளாக இருக்கலாம். புத்தகத்தையே கிளையில் காட்டிப் பழைய எண்ணுக்கு இப்போதைய கணக்கு எண் என்ன என்று கேளுங்கள். அப்பா பெயரைப் பழைய எழுத்துக்கூட்டலிலும், முன்னெழுத்து இல்லாமலும் தேடிப் பாருங்கள். அப்பாவே கணக்கை முடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படியானால் எந்தத் தேதியில் முடிந்தது, பணம் எப்படிக் கொடுக்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்ததும் இங்கே சொல்லுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.